சுண்ணாம்புக்கல்லின் தூய்மை: வாயுவை அளந்து கல்லை அறிவது

அரியலூர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் கல் ஒரு காலத்தில் கடலின் அடித்தரையாக இருந்தது. கிரெட்டேசியஸ் காலக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் விட்டுச்சென்ற ஓடுகள் அதில் நிறைந்திருக்கின்றன. ஓடுகள் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அவற்றைச் சூழ்ந்து கெட்டியான பகுதியிலோ களிமண், மணல், இரும்புத் துரு எல்லாம் கலந்திருக்கும். சிமென்ட் ஆலைக்கு இந்தக் கலப்பு முழுக்கவே தீங்கல்ல. உலைக்குப் போகும் கலவையில் கார்பனேட் 75 முதல் 80 சதவீதம் வரை இருந்தால் போதும். ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். சுரங்கத்தின் ஒரு பக்கத்தில் எடுத்த கல்லும் நூறு அடி தள்ளி எடுத்த கல்லும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இதைக் கண்டறியும் வழிகளில் பழையது ஒன்று, இன்றும் மண் ஆய்வுக்கூடங்களிலும் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடங்களிலும் புழங்குவது, கல்லை அமிலத்தில் கரைத்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளப்பது. பள்ளிப் பாடநூல்களில் இது இரண்டு வரிக் கணக்கு. உண்மையான கல்லோடும் உண்மையான குடுவையோடும் உட்கார்ந்தால், அந்த இரண்டு வரிகளுக்குள் எத்தனை அனுமானங்கள் அடங்கியிருக்கின்றன என்பது தெரியவரும். ஒரே ஓர் அளவீட்டை எடுத்துக்கொண்டு, அது 96 சதவீதம், 86 சதவீதம், 82 சதவீதம் என்று எப்படி மூன்று விதமாக விடை சொல்கிறது, எதை நம்பலாம் என்று பார்ப்போம்.

கல்லே தீர்மானிக்கட்டும்

நடக்கும் வினை எளியது:

CaCO3 + 2HCl → CaCl2 + H2O + CO2

ஒரு மோல் கால்சியம் கார்பனேட், அதாவது 100.1 கிராம், ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடைத் தருகிறது. களிமண்ணும் குவார்ட்ஸ் மணலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வாயு எதுவும் தருவதில்லை. ஆகவே வந்த வாயு எத்தனை மோல் என்று தெரிந்தால், கல்லில் எத்தனை மோல் கார்பனேட் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

இந்த வாதம் செல்லுபடியாக வேண்டுமானால், கார்பனேட் முழுவதும் கரைந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அமிலத்தைத் தேவைக்கு மேல் ஊற்றுகிறோம். பந்தியில் இலைகள் தாராளமாக இருந்தால், எச்சில் இலைகளை எண்ணி எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். இலை தட்டுப்பாடாகிப் பாதிப் பேர் திரும்பிப் போயிருந்தால், அந்த எண்ணிக்கை இலைகளைப் பற்றி மட்டுமே பேசும். அமிலம் குறைந்தாலும் அப்படித்தான்: வந்த வாயு அமிலத்தின் அளவைக் காட்டுமே தவிர, கல்லின் தூய்மையைக் காட்டாது.

அமிலம் மிகுதியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமிலம் தீரும் தறுவாயில், கார்பனேட்டின் ஒரு பகுதி வாயுவாக வெளியேறாமல் பைகார்பனேட்டாகக் கரைசலிலேயே தங்கிவிடும். கல் கரைந்திருக்கும், ஆனால் அதற்குரிய வாயு மேலே வந்திருக்காது. கரைசல் இறுதிவரை நல்ல அமிலத்தன்மையோடு இருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

எவ்வளவு மிகுதி வேண்டும்? நாம் எடுக்கப்போவது 0.300 கிராம் கல்தூள். அது முழுக்கத் தூய கார்பனேட் என்றே வைத்துக்கொண்டாலும் 0.003 மோல், அதற்கு 0.006 மோல் அமிலம் வேண்டும். 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 மில்லிலிட்டர் எடுத்தால் 0.020 மோல் கிடைக்கிறது. மூன்று மடங்குக்கு மேல் இருப்பதால் கடைசித் துணுக்குகள் கரையும்போதும் அமிலம் வலுவாகவே இருக்கும். வினை முடிந்தபின் கரைசலில் ஒரு சிட்டிகை தூய கால்சியம் கார்பனேட்டைப் போட்டுப் பாருங்கள். பொங்கினால் அமிலம் மிச்சமிருந்தது உறுதி. இந்தச் சோதனையை வாயுவின் அளவைக் குறித்துக்கொண்ட பிறகே செய்ய வேண்டும்.

மிகுதி நல்லது என்பதற்காக அமிலத்தை 50 மில்லிலிட்டர் ஊற்றுவதும் தவறு. கார்பன் டை ஆக்சைடு நீரில் கரையும் வாயு. திரவம் கூடக்கூட அதில் கரைந்து ஒளிந்துகொள்ளும் வாயுவும் கூடும். அடர் அமிலத்தைக் கொஞ்சமாக ஊற்றினால் ஹைட்ரஜன் குளோரைடு ஆவி கிளம்பி அளவில் கலந்துவிடும். சல்ஃப்யூரிக் அமிலம் இந்த வேலைக்கு உதவவே உதவாது. அது கல்லின் மேற்பரப்பில் எளிதில் கரையாத கால்சியம் சல்ஃபேட்டைப் படியவைக்கிறது. அந்தப் படலம் கல்லை மூடிக்கொண்டதும் பொங்கல் அடங்கிவிடும். பார்ப்பவர் வினை முடிந்தது என்று நினைப்பார், உள்ளே கார்பனேட் அப்படியே இருக்கும்.

தூளிலிருந்து அளவு வரை

மூன்றில் ஒரு பங்கு கிராம்கூட இல்லாத தூள் ஒரு லாரிக் கல்லுக்காகப் பேச வேண்டும். ஆகவே முதல் கவனம் மாதிரி எடுப்பதில்தான். அரியலூர்க் கல் போன்ற ஒன்றில் ஒரு சில்லைப் பெயர்த்து எடுத்தால், அது முழுக்கச் சிப்பி ஓடாக இருக்கலாம். பக்கத்துச் சில்லு முழுக்கக் களிமண் பகுதியாக இருக்கலாம். பல இடங்களில் எடுத்த கற்களை உடைத்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரிப்பார்கள். எதிரெதிர் இரண்டு கால்பாகங்களை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டு, மீண்டும் கலந்து, மீண்டும் நான்காகப் பிரிப்பார்கள். கையளவு ஆனதும் நுண்ணிய மாவாக அரைத்து, 105 பாகை செல்சியஸில் உலர்த்தி ஆறவைப்பார்கள். உலர்த்தாமல் விட்டால் ஈரத்தின் எடையும் கல்லின் எடையாகக் கணக்கில் ஏறி, தூய்மை குறைவாகத் தெரியும்.

கருவி இதுதான்: கூம்புக் குடுவை ஒன்று, இறுக்கமான ரப்பர் தக்கை, தக்கை வழியே ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் 100 மில்லிலிட்டர் கண்ணாடி வாயு சிரிஞ்சு. குடுவையின் அடியில் கல்தூள் இருக்கும். அமிலத்தை ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அந்தக் குப்பியைக் குடுவைக்குள் நிமிர்த்தி நிறுத்தி, தக்கையை மூடிய பிறகு குடுவையைச் சாய்த்து அமிலத்தைக் கொட்ட வேண்டும். மேலிருந்து அமிலத்தை விட்டால் இரண்டில் ஒரு தொல்லை வரும். தக்கையை மூடிவிட்டுப் புனல் வழியே விட்டால், உள்ளே இறங்கும் 10 மில்லிலிட்டர் அமிலம் அதே அளவு காற்றைச் சிரிஞ்சுக்குள் தள்ளிவிடும். அதைக் கழிக்க மறந்தால் விடை பதின்மூன்று புள்ளிகள் எகிறும். அமிலத்தை விட்டுவிட்டுப் பிறகு தக்கையை மூடினாலோ, முதல் சில நொடிகளின் வாயு வெளியே போய்விடும். வாயு மிக வேகமாக வருவதும் அந்த நொடிகளில்தான்.

வினை அடங்கிய பிறகு குடுவையை நன்றாகக் குலுக்கி, அறை வெப்பத்தில் இருக்கும் நீர்த்தொட்டியில் சில நிமிடம் வைத்து, சிரிஞ்சு அசையாமல் நின்றதும் அளவு எடுக்க வேண்டும். வெறும் கையால் குடுவையைப் பிடித்துக்கொண்டே அளவெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. குடுவையிலும் சிரிஞ்சிலுமாக உள்ளே இருக்கும் வாயு ஏறத்தாழ 155 மில்லிலிட்டர். அது ஒரு பாகை சூடானால் அரை மில்லிலிட்டர் விரியும். நீராவியும் கூடுவதால் மொத்த உயர்வு ஒரு மில்லிலிட்டரை நெருங்கும். தூய்மையில் அது ஒரு புள்ளிக்கு மேல்.

ஒரே அளவு, மூன்று விடைகள்

கணக்கின் போக்கைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு எடுத்துக்கொள்வோம். கல்தூள் 0.300 கிராம். அமிலம் 10 மில்லிலிட்டர். குடுவையில் அமிலமும் குப்பியும் போக மிஞ்சிய காற்றிடம் 90 மில்லிலிட்டர். அறை வெப்பம் 30 பாகை செல்சியஸ். காற்றழுத்தம் 1003 ஹெக்டோபாஸ்கல். சிரிஞ்சு காட்டுவது 64.8 மில்லிலிட்டர்.

பாடநூலில் மனப்பாடமான 22.4 லிட்டரை வைத்து முதலில் கணக்கிடுவோம். 64.8 மில்லிலிட்டரை 22,400-ஆல் வகுத்தால் 0.00289 மோல். அதை 100.1-ஆல் பெருக்கினால் 0.2896 கிராம் கார்பனேட். 0.300 கிராமில் இது 96.5 சதவீதம். ஏறத்தாழச் சலவைக்கல் போலத் தூய கல் என்று பொருள்.

ஆனால் 22.4 லிட்டர் என்பது பூஜ்யம் பாகை செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயு பிடிக்கும் இடம். 30 பாகையில், 1003 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்தில் ஒரு மோல் பிடிக்கும் இடம் 25.13 லிட்டர். அதே 64.8 மில்லிலிட்டரை இதனால் வகுத்தால் 0.00258 மோல், தூய்மை 86.0 சதவீதம். வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கவனித்ததாலேயே பத்துப் புள்ளிகள் இறங்கிவிட்டன. வெயில் நாட்டில் இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். கல் உண்மையில் இருப்பதைவிடத் தூயதாகத் தெரியும்.

அழுத்தத்தை எங்கிருந்து எடுத்தோம் என்பதும் முக்கியம். வானிலை அறிக்கையில் வரும் எண் பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்டது. கடலோரத்திலும் சமவெளியிலும் அதனால் பெரிய வேறுபாடு வராது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் உண்மையான காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு. அங்கே அறிக்கை எண்ணை நம்பிக் கணக்கிட்டால், விடை நூறு சதவீதத்தைத் தாண்டிப் போய் நிற்கும். ஆய்வு நடக்கும் அறையிலேயே பாரமானி இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, சிரிஞ்சுக்குள் இருப்பது உலர்ந்த வாயுவன்று. நீர்க்கரைசலுக்கு மேல் நிற்கும் எந்த வாயுவிலும் நீராவி கலந்திருக்கும். 30 பாகையில் நீரின் ஆவியழுத்தம் 42 ஹெக்டோபாஸ்கல். மொத்த அழுத்தமான 1003-இல் இதைக் கழித்தால் மிச்சம் 961. அந்த அழுத்தத்தில் ஒரு மோல் 26.23 லிட்டர் பிடிக்கும். கணக்கை மறுபடி போட்டால் 0.00247 மோல், தூய்மை 82.4 சதவீதம்.

அளந்தது ஒன்றுதான். 96.5, 86.0, 82.4 என்று விடை மூன்று. கடைசி எண்ணில் வெப்பம், அழுத்தம், நீராவி மூன்றும் கவனிக்கப்பட்டுவிட்டன என்பதால் அதுவே சரியானது என்று நினைக்கத் தோன்றும். அதுவும் சரியில்லை. வெளியே வராத வாயுவை இன்னும் நாம் எண்ணவில்லை.

கரைசலுக்குள் மறைந்த வாயு

1766-ஆம் ஆண்டு ஹென்றி கேவண்டிஷ் வாயுக்களைப் பற்றிய தம் ஆய்வுகளை வெளியிட்டபோது, சலவைக்கல்லிலிருந்து வந்த வாயுவை நீருக்கு மேல் சேகரிக்க முடியாது என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார். ஜோசப் பிளாக் சுண்ணாம்பிலும் மெக்னீசியாவிலும் கண்டு ‘நிலைத்த காற்று’ என்று பெயரிட்டிருந்த வாயு அது. நீரில் அது கரைந்து காணாமல் போவதால், கேவண்டிஷ் பாதரசத்துக்கு மேல் அதைச் சேகரித்தார்.

அந்தக் கரைதல் எவ்வளவு என்று பார்ப்போம். 30 பாகையில் ஒரு மில்லிலிட்டர் நீர், தனக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே இருக்கும்போது, ஏறத்தாழ 0.74 மில்லிலிட்டர் அளவு வாயுவைக் கரைத்துக்கொள்ளும். நீர் நிறைந்த தொட்டியில் அளவுச் சாடியைக் கவிழ்த்து வாயுவைப் பிடிக்கும் பழைய முறையில், 65 மில்லிலிட்டர் வாயுவில் பெரும்பகுதி போகும் வழியிலேயே தொலைந்துவிடலாம். அப்படித்தான் பிடித்தாக வேண்டும் என்றால், நீரில் முன்கூட்டியே கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி நிறைவடையச் செய்துகொள்ள வேண்டும். அல்லது அமிலம் சேர்த்த அடர் உப்புக்கரைசலைப் பயன்படுத்த வேண்டும். உப்பு மிகுந்த நீரில் வாயு குறைவாகவே கரையும்.

சிரிஞ்சு முறையில் தொட்டி நீர் இல்லை. ஆனால் 10 மில்லிலிட்டர் அமிலம் இருக்கிறது. அதற்கு மேல் இருப்பது காற்றும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. மொத்தம் ஏறத்தாழ 155 மில்லிலிட்டரில் 65 கார்பன் டை ஆக்சைடு என்றால், அதன் பங்கு 0.42. கரைந்திருப்பது, 10-ஐ 0.74-ஆலும் 0.42-ஆலும் பெருக்கினால், 3.1 மில்லிலிட்டர். இதையும் சேர்த்தால் 67.9 மில்லிலிட்டர். முன்போலவே 26.23 லிட்டரால் கணக்கிட்டால் தூய்மை 86.4 சதவீதம்.

இந்த எண், நீராவியையும் கரைந்த வாயுவையும் கண்டுகொள்ளாமல் போட்ட 86.0-க்குப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். நீராவி அளவைக் கூட்டிக் காட்டியது. கரைதல் குறைத்துக் காட்டியது. இந்தக் குடுவையில், இந்த அளவு அமிலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிட்டன. அமிலத்தை இரு மடங்காக்கினால் இந்தச் சமன் குலைந்துவிடும். ஒரு பிழையை மட்டும் திருத்திவிட்டு நிறுத்தினால், எதையுமே திருத்தாத விடையைவிட மோசமான விடை வரக்கூடும் என்பதற்கு 82.4 சாட்சி.

தூய கல்லைத் துணைக்கு அழைப்பது

இத்தனை திருத்தங்களையும் தனித்தனியே கணக்கிடுவதைவிட நம்பகமான வழி ஒன்றுண்டு. அளவீட்டுக் கூடங்களில் அதையே செய்கிறார்கள். அதே நாளில், அதே குடுவையில், அதே அளவு அமிலத்தில், எடை தெரிந்த தூய கால்சியம் கார்பனேட்டைப் போட்டு அளப்பது. வெப்பம், அழுத்தம், நீராவி, கரைதல் எல்லாம் இரண்டு அளவீடுகளையும் ஒன்றுபோலப் பாதிக்கும். விகிதம் எடுக்கும்போது அவை அடிபட்டுப் போகும்.

நம் எடுத்துக்காட்டில் 0.260 கிராம் உலர்ந்த தூய கார்பனேட் 65.0 மில்லிலிட்டர் தருகிறது என்று கொள்வோம். கல் தந்தது 64.8. ஆகவே கல்லில் இருந்த கார்பனேட், 0.260-ஐ 64.8-ஆல் பெருக்கி 65.0-ஆல் வகுத்தால், 0.2592 கிராம். 0.300 கிராமில் இது 86.4 சதவீதம். 22.4 லிட்டரும் வேண்டாம், பாரமானியும் வேண்டாம். நீண்ட திருத்தங்கள் செய்து அடைந்த அதே விடை ஒரே பெருக்கல் வகுத்தலில் வந்துவிட்டது.

ஒரு நிபந்தனை உண்டு. தூய கார்பனேட்டின் எடையை, அது தரும் வாயு கல் தரும் வாயுவுக்கு நெருக்கமாக இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். 0.100 கிராம் எடுத்தால் வரும் வாயு குறைவு. கரைசலுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடின் பங்கும் குறைவு. கரைந்து மறைவதும் வேறு விகிதத்தில் இருக்கும். அப்போது விகிதம் முழுமையாக அடிபடாது. முதலில் கல்லை ஒருமுறை அளந்து, அதற்கேற்பத் தூய கார்பனேட்டின் எடையைத் தீர்மானித்து, மறுபடி கல்லை அளந்தால் இந்தப் பிசகு வராது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஷைப்லர் வடிவமைத்த கால்சிமீட்டர், வாயுவின் அளவைக் கொண்டு கார்பனேட்டை அளக்கவே உருவானது. அந்த வகைக் கருவியை மண் ஆய்வில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தூய கார்பனேட்டை உடன் அளப்பது அந்த முறையின் பகுதியாகவே இருக்கிறது.

இனி நிச்சயமின்மை. சிரிஞ்சில் அரை மில்லிலிட்டர் தவறாகப் படித்தால் விடை 0.7 புள்ளி நகரும். தராசில் ஒரு மில்லிகிராம் பிசகினால் 0.3 புள்ளி நகரும். தூய கார்பனேட்டை அளக்கும்போதும் இதே பிசகுகள் வரும். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தாலும் ஒரு புள்ளிக்குக் கீழே உறுதி சொல்வது கடினம். எனவே 86.4 என்று தசமத்தோடு எழுதுவதைவிட, ‘86, ஒரு புள்ளி கூடலாம் குறையலாம்’ என்று எழுதுவதே நேர்மையான விடை.

எதன் தூய்மை?

வாயுவை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் தீராத கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. வாயு கார்பனேட்டிலிருந்து வந்தது. அந்தக் கார்பனேட் கால்சியத்தோடு மட்டும்தான் சேர்ந்திருந்ததா என்பதை வாயு சொல்லாது.

சுண்ணாம்புக்கல்லில் அடிக்கடி கலந்திருக்கும் கனிமம் டோலமைட், CaMg(CO3)2. இதன் ஒரு மோல் 184.4 கிராம், அது இரண்டு மோல் கார்பன் டை ஆக்சைடு தருகிறது. கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டால் கால்சியம் கார்பனேட்டைவிட 8.6 சதவீதம் கூடுதல் வாயு. தூய டோலமைட்டை நம் முறையில் அளந்தால் ‘தூய்மை 108.6 சதவீதம்’ என்று விடை வரும். அந்த எண் நூறைத் தாண்டுவதால் யாரும் ஏமாறமாட்டார்கள். கலந்திருக்கும்போதுதான் ஏமாற்றம். 70 சதவீதம் கால்சியம் கார்பனேட்டும் 15 சதவீதம் டோலமைட்டும் கொண்ட கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 15-ஐ 1.086-ஆல் பெருக்கினால் 16.3, எழுபதோடு சேர்த்தால் 86.3. 86.4 காட்டிய நம் கல்லிலிருந்து இதைச் சிரிஞ்சால் பிரித்தறிய முடியாது.

சிமென்ட் ஆலைக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. 15 சதவீத டோலமைட் என்றால் கல்லில் மெக்னீசியம் ஆக்சைடு 3.3 சதவீதம். உலையில் கல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்பன் டை ஆக்சைடாக இழக்கிறது. மெக்னீசியம் அப்படியே தங்குகிறது. கிளிங்கரில் அது 5 சதவீதத்தை எட்டும். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்சம் 6 சதவீதம். அளவு மீறிய மெக்னீசியம் ஆக்சைடு, கான்கிரீட் இறுகி மாதங்களும் ஆண்டுகளும் ஆன பிறகு மெல்ல நீரேறி உப்பி, உள்ளிருந்து விரிசல் விடவைக்கும்.

கரையாத எச்சத்தை வடிகட்டி எடைபோட்டால் தெரியாதா? முதல் கல்லில் எச்சம் 13.6 சதவீதம், இரண்டாவதில் 15. களிமண்ணில் கொஞ்சம் அமிலத்தில் கரைந்தும் போகும் என்பதால், இந்த ஒன்றரைப் புள்ளி வேறுபாட்டை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நேரம்தான் முதல் துப்பு தருகிறது. நன்றாக அரைத்த கால்சைட், குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் உடனே பொங்கி ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். டோலமைட் அப்படி அவசரப்படுவதில்லை. குளிர்ந்த அமிலத்தில் பல பத்து நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். நிலவியலாளர்கள் களத்தில் கல்லின்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டு, உடனே நுரைக்கிறதா, கீறித் தூளாக்கிய பிறகுதான் நுரைக்கிறதா என்று பார்ப்பது இதற்காகவே. குடுவையிலும் இதைச் செய்யலாம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை சிரிஞ்சைப் படித்து வரைபடம் போடுங்கள். கோடு விறுவிறுவென்று ஏறிச் சமதளமாகிவிட்டால் கால்சைட். ஏறியபின்பும் மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டே போனால் டோலமைட் இருக்கிறது என்று ஐயப்படலாம். தக்கையில் கசிவு இருந்தால் கோடு எதிர்ப்பக்கம் போகும்; சமதளமாக நிற்காமல் மெல்ல இறங்கும். டோலமைட் மெதுவாகக் கரைவதால், அவசரப்பட்டு முதல் இரண்டு நிமிடத்தில் அளவெடுத்தால் டோலமைட்டின் வாயு விடுபட்டு விடை குறையும். பொறுத்திருந்து எடுத்தால் அதுவும் சேர்ந்து, கால்சியம் கார்பனேட் என்ற பெயரில் எண்ணப்படும்.

மீதி அமிலத்தைக் காரத்தால் நடுநிலையாக்கி, செலவான அமிலத்தைக் கணக்கிடும் மறுநடுநிலையாக்கல் முறையும் இங்கே கைகொடுக்காது. டோலமைட் அமிலத்தையும் அதே விகிதத்தில்தான் செலவழிக்கிறது. ஆனால் அந்த முறை வேறொரு செய்தி தரும். கல் கொஞ்சம் சுட்டுக் கால்சியம் ஆக்சைடாகியிருந்தாலோ, நீற்றிய சுண்ணாம்பு கலந்திருந்தாலோ, அமிலம் செலவாகும், வாயு வராது. இரண்டு முறைகளின் விடைகளும் விலகினால், கார்பனேட் அல்லாத வேறு ஏதோ அமிலத்தைத் தின்கிறது என்று பொருள். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தனித்தனியே அறிய, கரைசலை வடிகட்டி ஈடிடிஏ கொண்டு தரம்பார்க்க வேண்டும். கார அளவை ஒருமுறை மெக்னீசியமும் சேர வரும்படியும், மறுமுறை அது படிந்து விலகும்படியும் வைத்து இரண்டு அளவீடுகள் எடுத்தால் இரண்டும் பிரிந்து தெரியும்.

ஆக, நம் கல்லின் அறிக்கையில் ‘கால்சியம் கார்பனேட் 86 சதவீதம்’ என்று எழுதுவது, அளந்ததைவிட அதிகமாகச் சொல்வதாகும். அளந்தது மொத்தக் கார்பனேட். அதைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிச் சொல்கிறோம். சரியான வரி இப்படி இருக்கும்: ‘மொத்தக் கார்பனேட், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டது: உலர் எடையில் 86 சதவீதம், ஒரு புள்ளி கூடலாம் குறையலாம், தூய கார்பனேட்டோடு ஒப்பிட்டு அளந்தது, வாயு எத்தனை நிமிடத்தில் நின்றது.’ அந்தக் கடைசிக் குறிப்பையும் சேர்த்து எழுதினால், படிப்பவர் கல்லை நேரே உலைக்கு அனுப்பலாமா, மெக்னீசியச் சோதனைக்கு அனுப்ப வேண்டுமா என்று தாமே முடிவு செய்துகொள்வார்.